ஐந்து திரி, ஐந்து வாழ்த்து: வீட்டு முன்னறைக் கடைக்கு விளக்கேற்றும் முறை

வீட்டு முன்னறையைக் கடையாக மாற்றித் திறக்கும் குடும்பத்துக்கானது இந்த அத்தியாயம். வாடகைக் கட்டடத்தில் புரோகிதரை வைத்துக் கணபதி ஹோமம் செய்து திறப்பவர்களுக்கு வேறு முறை உண்டு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே சொல்வது குத்துவிளக்கு ஒன்றை வைத்து, வீட்டாரே நின்று, வீட்டு மொழியிலேயே வாழ்த்துச் சொல்லித் திறக்கும் முறை. அரைமணி நேர வேலை. ஆனால் சொல்லும் கையும் சேர்ந்து போக வேண்டும் என்பதால் முதல் நாளே ஒருமுறை பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உதாரணத்துக்கு ஆலங்குளத்தில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். வீட்டில் நான்கு பெரியவர்கள். மகன் பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறான். (இந்தப் பக்கத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சாலைகளை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.) மருமகள் முன்னறையில் மளிகைக் கடை போடுகிறாள்: அரிசி, பருப்பு, உப்பு, சோப்பு, பிள்ளைகளுக்கு மிட்டாய், நோட்டு, பேனா. மாமியார் கூட இருந்து கல்லாவைப் பார்த்துக்கொள்வார். நாலாவது ஆள் அப்பத்தா. கணவர் போய்ப் பல வருடமாகிறது. கடைக்கு முதல் போட அப்பத்தாவின் பாம்படம்தான் அடகுக்குப் போயிருக்கிறது. இந்த வீட்டுக்கு எப்படி விளக்கேற்றுவது என்று பார்த்தால், மற்ற வீடுகளுக்கும் எதை மாற்றிக்கொள்வது என்று தெரிந்துவிடும்.

முதலில் நாளும் நேரமும். இதற்கு ஜோசியரைத் தேடிப் போக வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் சிவகாசி நாள்காட்டியில் தாளைத் தாளாகப் புரட்டினால் போதும். வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தால் ராகுகாலம் 10.30 முதல் 12, எமகண்டம் மாலை 3 முதல் 4.30, குளிகை காலை 7.30 முதல் 9. நல்ல நேரத்தை அன்றைய தாளிலேயே போட்டிருப்பார்கள். 9.15 முதல் 10.15 என்று போட்டிருந்தால், 9.15-க்கு முதல் திரி, பத்து மணிக்குள் முதல் போணி என்று வைத்துக்கொண்டால் ராகுகாலம் தொடங்குமுன் எல்லாம் முடிந்துவிடும். குளிகையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் நகை வாங்குவதற்குக் குளிகையைத் தேடுவோர் உண்டு; கடைச் சரக்கை இறக்கி அடுக்குவதற்கும் அது பொருந்தும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் குளிகை ஆகாது. பாம்படத்தை அடகு வைக்கப் போகும் நாளிலும் அதைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் கடை திறக்கலாமா என்று கேட்பார்கள். பொதுவாக ஆடியையும் மார்கழியையும் தவிர்ப்பது வழக்கம். ஆனால் இதே வட்டாரத்தில் பட்டாசுக் கடைகள் ஆடிப்பெருக்கு அன்று பூசை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குகின்றன. ஆடி 18 என்றால் ஆடிக்கு விதிவிலக்கு. வெள்ளாமைக்கு விதைக்கும் மாதத்தில் வியாபாரத்துக்கும் ஒருநாள் ஒதுக்கிக்கொண்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நேரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விருந்தாளி. ரிப்பன் வெட்ட ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்திருப்பார்கள். அவர் வேறு இரண்டு விசேஷத்துக்குப் போய்விட்டு 10.40-க்கு வந்து இறங்குவார். அதற்குள் ராகுகாலம் பிறந்திருக்கும், வீட்டார் முகம் வாடியிருக்கும். விளக்கு வேறு, ரிப்பன் வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். விளக்கை வீட்டார் குறித்த நேரத்தில் உள்ளே ஏற்றிவிடட்டும். ரிப்பனை அவர் வந்தபோது வெட்டிக்கொள்ளட்டும். அவரும் நிம்மதியாக டீ குடிப்பார்.

இனி விளக்கு. ஐந்து முகக் குத்துவிளக்கு வீட்டில் இருந்தால் அதுவே போதும். கடைக்கென்று புதிதாக வாங்க வேண்டாம். முதல் நாள் மாலை புளி தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் திருநீறு போட்டுத் துடைத்தால் பித்தளை நிறம் எடுக்கும். முக்கியமானது ஈரம். அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு மூன்றையும் கழற்றித் திருகு மரையின் உள்ளே வரை துணியால் துடைத்து, இரவு முழுக்கக் காற்றாட வையுங்கள். மரையில் தங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர் மறுநாள் எண்ணெயில் கலந்தால் சுடர் படபடவென்று பொரியும். கூட்டத்தில் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். காலையில் மாட்டும்போது தண்டை நன்றாக இறுக்கித் திருகிவிட்டு, உச்சியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த விளக்கு கூட்டத்துக்கு நடுவில் நிற்கத் தகுதியில்லை.

எண்ணெய், நல்லெண்ணெய். தட்டில் முக்கால் அளவு ஊற்றுங்கள். விளிம்பு வரை ஊற்றினால் மூக்கு வழியாக வழிந்து மனைப்பலகையிலும் தரையிலும் ஓடும், அதன் மேல் யாராவது கால் வைப்பார்கள். பஞ்சுத் திரியை விளக்கேற்றும் நேரத்தில் போடக் கூடாது. அரைமணி முன்னாலேயே எண்ணெயில் ஊறப் போட்டு, நுனியை விரலால் முறுக்கி, மூக்குக்கு வெளியே ஒரு நெல் நீளத்துக்கு விடுங்கள். அதற்கு மேல் நீண்டால் கரும்புகை எழுந்து புது வெள்ளையடித்த சுவரில் படியும். குறைந்தால் எண்ணெயே நெருப்பை விழுங்கிவிடும். ஏற்றினதும் அணையும் விளக்குக்குக் காரணம் பத்துக்கு ஒன்பது முறை ஊறாத திரிதான். அபசகுனம் என்று யாரும் கண் கலங்க வேண்டாம். நுனியை மீண்டும் எண்ணெயில் நனைத்து முறுக்கி ஏற்றுங்கள், அந்தத் திரிக்குரிய வாழ்த்தை இன்னொரு முறை சொல்லுங்கள். இதை வாழ்த்துச் சொல்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. சொல்பவர் தடுமாறாமல் தொடர்ந்தால் கூட்டமும் கலங்காது.

பொட்டு வைப்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. உச்சிக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, தண்டுக்கும் அடிக்கும் ஒவ்வொன்று என்று வைத்து, தண்டில் பூச்சரம் சுற்றினால் போதும். பூச்சரத்தின் நுனி சுடருக்கு மேலே தொங்காமல் பாருங்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் இந்தப் பக்கத்தில் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி. வாசற்படியில் வேண்டாம். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தச் சீமையில் சுடரை நிற்கவிடாது. மற்ற மாதங்களிலும் வாசலில் கால்கள் அதிகம். முன்னறையின் உள்ளே, வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில், மூன்று பக்கமும் ஒரு கை நீட்டும் தூரம் வெற்றிடம் விட்டு, மனைப்பலகை போட்டு வையுங்கள். பலகையின் மேல் வாழையிலை, இலையில் பச்சரிசி பரப்பி அதன் மேல் விளக்கு. பேப்பர் தோரணம், பிளாஸ்டிக் பேனர், பலூன், மேலே கொக்கியில் தொங்கும் சிப்ஸ் சரம் எதுவும் விளக்கின் நேர் மேலே வரக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மண்ணெண்ணெயோ சானிடைசரோ கடைச் சரக்கில் இருந்தால் விளக்கைக் குளிரவைக்கும் வரை பின்கட்டில் இருக்கட்டும். ஏற்றுபவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நைலக்ஸ், சிந்தெடிக் புடவையைவிட நூல்புடவை நல்லது. ஓரமாக ஒரு வாளி மணல். அதை யாரும் அமங்கலம் என்று சொன்னால், பட்டாசு ஆபீஸில் அறைக்கு அறை வாளி இருப்பதை மகனே எடுத்துச் சொல்லட்டும்.

இங்கே மளிகைக் கடை திறந்தவர்களை அக்கம்பக்கத்தார் கேட்கும் ஒரு கேள்வி, "தீபாவளிக்குக் கொஞ்சம் பட்டாசும் வெச்சிருக்கலாமே?" என்பது. முன்னறைக் கடையில் அது கூடாது. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி பட்டாசு விற்க உரிமம் வேண்டும். குடியிருக்கும் தளத்துக்குக் கீழே பட்டாசுக் கடை இருக்கக் கூடாது. தீபாவளி சமயத்தில் போடும் தற்காலிகக் கடைகளுக்கும் விதி கடுமையானது: எரியாத பொருளால் கட்டிய கொட்டகை, ஒரு கடைக்கும் மற்றதற்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி, குடியிருப்பு போன்ற காக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தூரம். கொட்டகைக்குள்ளும் அந்தப் பாதுகாப்பு தூரத்துக்குள்ளும் எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த நெருப்பு எதுவும் கூடாது.

அப்படியானால் உரிமத்தோடு பட்டாசுக் கடை போடுபவர் எப்படி விளக்கேற்றுவது? விளக்கை வீட்டுப் பூசையறையிலேயே ஏற்றி, வாழ்த்தை அங்கேயே சொல்லி முடியுங்கள். கடைக்கு எடுத்துப்போவது திருநீறு, மஞ்சள், பூ, எலுமிச்சை, நெருப்பு இல்லை. சூடத்துக்கும் அதே தடை. ஊதுவத்தி சின்னதுதானே என்று நினைக்காதீர்கள்; அதன் கங்கும் நெருப்புதான். சரக்கு இறங்குவதற்கு முன் காலிக் கடையில் ஏற்றிவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. காலையில் முதல் லாரி எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? வீட்டிலேயே ஏற்றுவதுதான் கணக்கான வழி.

நம்முடைய மளிகைக் கடைக்குத் திரும்புவோம். யார் ஏற்றுவது?

சுமங்கலிகள் ஐந்து பேர், ஆளுக்கொரு திரி என்பது பல வீடுகளின் பழக்கம். இந்த வீட்டில் அந்தக் கணக்கைப் பார்த்தால் மாமியாரும் மருமகளும் போக மூன்று பேரைத் தெருவிலிருந்து அழைக்க வேண்டும். பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்த அப்பத்தா ஓரமாக நிற்க வேண்டும். எனக்கு இது சரியாகப் படவில்லை. அப்பத்தா வேண்டாம் என்று தானே ஒதுங்கினாலும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். முதல் போட்டவர் கை படாத விளக்கு அந்தக் கடைக்கு எப்படிச் சொந்தமாகும்? இப்படிப் பிரிக்கலாம்: முதல் திரி மாமியார், இரண்டாவது அப்பத்தா, மூன்றாவது மருமகள், நான்காவது வீட்டுப் பிள்ளை அல்லது பக்கத்து வீட்டுக்காரர், ஐந்தாவது பட்டாசு ஆபீஸில் வேலை செய்யும் மகன். ஆண் விளக்கேற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பழக்கம் இல்லாததால் கூச்சம் இருக்கும், அவ்வளவுதான்.

வாழ்த்தைச் சொல்வது ஒருவரே. குரல் தெளிவாக வரும் மூத்தவர். இந்த வீட்டில் அப்பத்தாதான். ஏற்றுபவர்கள் மாறிக்கொண்டே இருக்க, சொல்பவர் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கிழக்கு முகத்தில் தொடங்கி வலம் வருவதாக ஏற்றுங்கள். தெற்கு நோக்கி விளக்கு எரியக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். அது ஒற்றைமுக விளக்குக்குச் சொன்னது. ஐந்து முகமும் எரியும் விளக்கில் திசை பார்க்க இடமில்லை. தீக்குச்சியால் நேராக ஏற்றாமல், ஒரு சின்ன அகலில் முதலில் நெருப்பெடுத்து, அதிலிருந்து நீளத் திரியால் ஒவ்வொரு முகமாக ஏற்றினால் விரல் சுடாது, தீக்குச்சி கருகி எண்ணெயில் விழாது. அகலுக்கு உரசும் தீப்பெட்டி இந்த மண்ணின் சரக்கு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்று வந்த தொழில் அது.

கீழே உள்ள சொற்கள் இந்த வீட்டுக்காக எழுதியவை. ஒவ்வொரு திரிக்கும் ஐந்து முதல் ஏழு வரிகள். நெருப்பு திரியில் பற்றத் தொடங்கும்போது முதல் வரி, சுடர் நின்றதும் கடைசி வரி என்று வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். திரி பற்ற நேரமானால் முதல் வரியையே மறுபடி சொல்லலாம்.

முதல் திரி. ஏற்றுபவர் மாமியார்.

பிள்ளையாரப்பா, முன்னால நில்லு.
குலசாமியே, பின்னால நில்லு.
இருக்கன்குடி மாரியம்மா, நடு வீட்டுல உக்காரு.
இன்னைக்குத் திறக்குற இந்தக் கதவு
நல்லவங்க வர்றதுக்கே திறக்கட்டும்.

இரண்டாவது வரியில் உங்கள் குலசாமியின் பெயரைச் சொல்லுங்கள். மூன்றாவது வரியில் சாத்தூர்ப் பக்கத்து இருக்கன்குடித் தாயைச் சொன்னது இந்த வீட்டார் ஆடிக்கு அங்கே போகிறவர்கள் என்பதால். சிவகாசிக்காரர்கள் பத்திரகாளியைச் சொல்லலாம், விருதுநகர்க்காரர்கள் பராசக்தி மாரியம்மனை. பல தலைமுறைக்கு முன் ஊர் மாறி வந்து குலசாமியின் பெயரே மறந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் "பேரு தெரியாத எங்க குலசாமியே" என்று சொன்னால் தப்பில்லை. தெரிந்த மாதிரி ஒரு பெயரைச் சேர்ப்பதைவிட அது நேர்மையானது.

இரண்டாவது திரி. அப்பத்தாவே ஏற்றி, அவரே சொல்கிறார்.

காடு வெட்டிப் பொழச்சவங்களே,
கூலிக்குப் போய் வீடு கட்டினவங்களே,
போய்ச் சேர்ந்தவங்களே, இருக்கிறவங்களே,
இந்த வெளிச்சத்துல வந்து நின்னு பாருங்க.
கழட்டிக் கொடுத்தது திரும்பி வரும்.
கொடுத்த கை நிறைஞ்சே இருக்கும்.

ஐந்தாவது வரியை மருமகள் சொல்வது இன்னும் நல்லது. அது கடன்பட்டவர் சொல்ல வேண்டிய வரி. அப்பத்தா நான்கு வரிகளோடு நிறுத்திக்கொள்ள, மருமகள் அந்த இடத்தில் வாய் திறந்தால் கூட்டம் முழுக்கக் காது கொடுக்கும். வங்கிக் கடனோ மகளிர் குழுக் கடனோ வாங்கித் தொடங்கியிருந்தால் ஐந்தாவது வரியை "வாங்கினது வாரம் தவறாம அடையும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது திரி. ஏற்றுபவர் மருமகள்.

தராசு நேரா நிக்கட்டும்.
படி தலை தட்டி நிறையட்டும்.
கல்லாவுல விழுந்தது வீடு வந்து சேரட்டும்.
சரக்கு புழுக்காம, சொல் புளிக்காம,
இவ கை ராசியான கைன்னு ஊர் சொல்லட்டும்.

முதல் வரியைச் சொல்லும்போது மருமகள் தராசைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அந்தத் தராசுக்கு முத்திரை வைத்தாகிவிட்டதா என்று அதற்கு முன்பே பாருங்கள். எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை, எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். முத்திரையில்லாத தராசைத் தொட்டு இந்த வரியைச் சொல்வது சரியில்லை.

நான்காவது திரி. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றினால் மிகவும் பொருத்தம்.

காசோட வர்றவங்களுக்கும், காசு நாளைக்குன்னு வர்றவங்களுக்கும்
இந்த வாசல்ல நல்ல வார்த்தை இருக்கட்டும்.
சின்னப் பிள்ளை வந்தாலும் எடை குறையாம இருக்கட்டும்.
எதிர்க் கடைக்கும் வியாபாரம் ஆகட்டும்,
எங்களுக்கும் ஆகட்டும்.

"காசு நாளைக்கு" என்பதை வாழ்த்தில் சேர்த்தால் ஊர் முழுக்கக் கடன் கேட்குமே என்று ஒரு சந்தேகம் எழும். வார்த்தையைக் கவனியுங்கள்: நல்ல வார்த்தை இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம், சரக்கு கிடைக்கும் என்று சொல்லவில்லை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கடைக்காரி நோட்டில் முடிவு செய்துகொள்வாள்.

ஐந்தாவது திரி. மகன் ஏற்றுகிறான். இது இந்தச் சீமைக்கென்றே எழுதிய வாழ்த்து. வேறு ஊரில் திறப்பவர்கள் இதை விட்டுவிட்டுத் தங்கள் ஊர்ப் பிழைப்புக்கேற்ப ஒன்றை எழுதிக்கொள்ளலாம்.

நெருப்பே, நீ திரியில நில்லு.
அடுப்புல வேலை பாரு, தீப்பெட்டியில தூங்கு.
மருந்து கலக்குற கை பக்கம் போகாதே,
எங்க பிள்ளைங்க உக்கார்ற அறைப் பக்கம் போகாதே.
காலையில போனவங்க எல்லாரும்
சாயங்காலம் இந்தக் கடை வாசல் வழியா
சிரிச்சுக்கிட்டு வீடு வந்து சேரட்டும்.

மங்கலமான நேரத்தில் விபத்தை நினைவூட்டலாமா என்று கேட்பார்கள். 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காத பெயர்கள் உண்டு; சொல்லாமல் விட்டால் அவை இல்லாமல் போய்விடாது. ஆனால் வாழ்த்தில் விபத்து, சாவு, வெடித்தது போன்ற சொற்கள் எதையும் சேர்க்காதீர்கள். நெருப்பிடம் என்ன கேட்கிறோமோ அதை மட்டும் கேட்டால் போதும். மகனுக்குத் தொண்டை அடைத்தாலும் கவலையில்லை; அப்பத்தா சொல்ல, அவன் ஏற்றட்டும். இந்தத் திரியோடு சூடம் காட்டி எல்லோரும் கும்பிட்டால் வாழ்த்து முடிந்தது. இதற்குப் பிறகு மைக்கில் யாரும் பேச வேண்டாம்.

தேங்காய் உடைத்ததும் திருஷ்டிப் பூசணி. உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, மேலே சூடம் ஏற்றிச் சுற்றி, வாசலுக்கு நேரே தார்ச்சாலையில் போட்டு உடைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. மூன்று நிமிடத்தில் அதன் மேல் இருசக்கர வண்டி சறுக்கும். சாலையோரம் மண்ணில் உடைத்துச் சில்லுகளை உடனே ஒதுக்கிவிடுங்கள். உடைத்ததை அள்ளக் கூடாது என்று வீட்டில் சொன்னால் வெளியாள் ஒருவர் அள்ளட்டும். திறப்பு நாளில் நம் வாசலில் ஒருவர் விழுந்தால், எந்தத் திருஷ்டியைக் கழித்தோம்?

பிறகு போணி. வீட்டாருக்கு விற்றால் அது போணியில் சேராது. கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரை முதலிலேயே சொல்லி வைத்து, மஞ்சள், கல் உப்பு, கற்கண்டு மூன்றையும் வாங்கச் செய்யுங்கள். ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். கியூஆர் அட்டையைச் சுவரில் ஒட்டியிருந்தாலும் முதல் காசு கைக்காசாக இருக்கட்டும். சில்லறை தயாராக வைத்திருங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு அவர் நிற்க, மீதிக்குப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவது நல்ல தொடக்கம் இல்லை. அளக்கும்போது ஒன்று என்று எண்ணாமல் "லாபம்" என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று போவது பழைய வியாபாரிகளின் வழக்கம். அப்பத்தாவுக்கு அது தெரிந்திருக்கும், அவரையே எண்ணச் சொல்லுங்கள். வாங்கிய காசில் மஞ்சள் தடவிக் கல்லாவில் தனியே வைத்துவிட்டு, கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் அந்த வரவை எழுதுங்கள். அன்றைக்குக் கடன் எழுதும் பக்கத்தைத் திறக்காதீர்கள். கேட்பவரிடம் "நாளைக்கு வாங்கண்ணே, இன்னைக்குத்தான் திறந்திருக்கோம்" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்குக் கணக்கில்லை. எண்ணெய் பாதி இறங்கியதும் ஒருமுறை ஊற்றலாம். பாட்டிலைச் சுடருக்கு மேலே நீட்டாமல், தட்டின் நடுவில் கரண்டியால் ஊற்றுங்கள். பகல் சாப்பாட்டுக்குக் கடையை ஒரு நிமிடம் சாத்தினாலும் முதலில் விளக்கைக் குளிரவைக்க வேண்டும். வாயால் ஊதாமல், பூவின் காம்பால் திரியை எண்ணெய்க்குள் தள்ளினால் புகையில்லாமல் அடங்கும். ஐந்தையும் ஏற்றிய வரிசையிலேயே அடக்கி, கடைசியில் மகன் ஏற்றிய திரிக்கு வாருங்கள். பித்தளை நன்றாக ஆறும் வரை தூக்கக் கூடாது. தண்டைப் பிடித்துத் தூக்கினால் சூடான எண்ணெய் கையில் கொட்டும்.

அடுத்த வெள்ளியிலிருந்து ஐந்து முகம் தேவையில்லை. காலையில் கடை திறந்ததும் சாமி மாடத்தில் ஓர் அகல், மூன்றாவது திரிக்கும் ஐந்தாவது திரிக்கும் உரிய வரிகள், அவ்வளவே. ஐந்து வாழ்த்துகளையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பத்தா சொன்ன மாதிரியே, அவர் கூட்டிக் குறைத்துச் சொன்ன சொற்களோடு எழுதி வையுங்கள். வருட முடிவில் நோட்டு மாறும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புது நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.